மேடையில் கேள்வி கேட்டவர்

காலை ஏழு நாற்பது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. வயது அறுபதை ஒட்டி இருக்கும். நீலப் பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு, மடியில் ஒரு குடை. மாப்பிள்ளை நான். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. எழுந்து பக்கத்தில் இருந்த மணமகள் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தரையில் பதிகிறதா என்று பார்த்தார். மறுபடி எழுந்து, குடையைத் தரையில் ஊன்றி, இரண்டு இருக்கைகளின் உயரத்தையும் அளந்தார். பிறகு மண்டபத்து ஆளைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை நாற்காலி நாலு விரல்கடை அதிகம், இரண்டையும் எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரே மாதிரி இரண்டு கொண்டுவரச் சொன்னார்.

"அது செட்டும்மா. சோடியாத்தான் வாடகைக்கு உடுறோம்," என்றார் அந்த ஆள்.

"சோடின்னா ஒரே அளவா இருக்கணும்பா."

எங்கள் திருமணப் படங்களில் சரிகை வேலைப்பாடு செய்த திரைக்கு முன்னால் இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். என் அம்மா அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டவில்லை.

புரோகிதர் இல்லாத திருமணம் அது. என் அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அப்படித்தான். ஒருவர் எழுந்து தலைமைக்குப் பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், தலைமை தாங்குகிறவர் பேசுவார், மணமக்கள் உறுதிமொழி படிப்பார்கள், மாலை மாற்றுவார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் சட்டப்படி அது திருமணம். மாலையோ மோதிரமோ தாலியோ, ஏதாவது ஒன்று போதும். காஞ்சிபுரத்தில் இத்தகைய திருமணங்களுக்குத் தலைமை தாங்க வழக்கமாகக் கட்சிக்காரர்கள் வருவார்கள். மணமக்களின் பெயரைச் சீட்டைப் பார்த்துப் படித்துவிட்டு, ஆட்சியைப் பற்றிப் பேசிவிட்டு, பதினைந்து நிமிடத்தில் காரில் ஏறிவிடுவார்கள். எங்கள் திருமணத்துக்குத் தலைமை தாங்க வந்த, நாற்காலியை மாற்றச் சொன்ன இவர் கட்சிக்காரர் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்தில் வருவார். மணமக்கள் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, திருமணப் பதிவுக்கான விண்ணப்பத்தைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, தொண்ணூறு நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்.

அவரை எனக்குத் தெரிந்தது அதற்கும் சில வருடங்களுக்கு முன்பு. நான் பத்திரிகையில் சேர்ந்த புதிது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக்களுக்கு எண் போடும் மேசையில் அவர் இருந்தார். ஒரு வயதான கணவனும் மனைவியும் வந்தார்கள். மனு மனைவியின் பெயரில் இருந்தது. கணவர்தான் பேசினார்: வீட்டுமனைப் பட்டா, பத்து வருடமாக அலைச்சல், இத்யாதி. இவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐயா கொஞ்சம் அந்த மரத்தடியில் நில்லுங்கள், மனுதாரர் சொல்லட்டும் என்றார். கணவர் நகர்ந்தார். அந்த அம்மாள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"தலையாட்டுனா என்னால எழுத முடியாதும்மா. வாயத் தொறந்து சொல்லு. உனக்கு இன்னா வேணும்?"

வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். கடைசியில் அந்த அம்மாள் சொன்னாள்: பட்டா அவருக்கு வேண்டியது, எனக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வந்தால் போதும், பாலாற்றங்கரை வரை குடம் தூக்க இடுப்பு தாங்கவில்லை. இவர் புதிதாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதை இன்னொரு மனுவாக எழுதி, இரண்டுக்கும் தனித்தனி எண் போட்டார்.

அவரிடம் இருந்தது இந்த ஒரு குணம்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. தலையாட்டலை அவர் பதிலாக ஏற்க மாட்டார். சிரிப்பையும் ஏற்க மாட்டார். ஒருவருக்காக இன்னொருவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வார், ஆனால் எழுதிக்கொள்ள மாட்டார்.

ஓய்வு பெற்ற பின் யாரோ தோழி வீட்டுத் திருமணத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அப்படித் தொடங்கியது. அந்தப் பேச்சைக் கேட்டு நான் நாலு வரிச் செய்தி எழுதினேன். பெண்ணுக்குச் சம உரிமை தர வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதாக. மறுநாள் அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது.

"தரணும்னு நான் சொல்லலியேபா. வெச்சிக்கினு இருக்கிறவன்தான் தருவான். நான் கணக்கா என்ன சொன்னேன்? காலையில யார் எழுந்திருக்கிறதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே பேசிக்கோங்கன்னு சொன்னேன். அதை ஏன் எழுதல?"

அது செய்தியாகாது மேடம் என்றேன். அதுதான் செய்தி என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் பேச்சில் பொன்மொழி இருக்காது. ஒரு நாளை எடுத்துக்கொள்வார். வீட்டில் முதலில் விழிக்கிறவரிலிருந்து தொடங்கி, கடைசியாக விளக்கை அணைக்கிறவர் வரை, வேலை வேலையாகச் சொல்லிக்கொண்டே போவார். பால் வாங்குவது, குழம்பு கரைப்பது, கழிவறை கழுவுவது. எல்லாவற்றுக்கும் பிறகு, யாரும் வேலை என்று நினைக்காததைச் சொல்வார்: கேஸ் எப்போது தீரும் என்று நினைவு வைத்திருப்பது, மாமியாரின் மாத்திரை எத்தனை நாளைக்கு வரும் என்று எண்ணி வைத்திருப்பது, யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன எடுக்க வேண்டும் என்று யோசிப்பது. "செய்யச் சொன்னா செய்யறேனே என்பாரு மாப்பிள்ளை. சொல்றதே ஒரு வேலைபா. அதை யார் செய்யறது?" என்பார். முன்வரிசைப் பெண்கள் அந்த இடத்தில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

சம்பளம் யார் கணக்கில் விழுகிறதோ ஏ.டி.எம். அட்டை அவர் கையில் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் விடுப்பு எடுப்பது என்பதை, காய்ச்சல் வருவதற்கு முன் பேச வேண்டும். இரண்டு பக்கப் பெற்றோருக்கும் ஒரே சட்டம். ஊர் மாறுவது, வேலை விடுவது, பிள்ளை பெறுவது ஆகிய மூன்றிலும் ஒருவர் யோசிக்கிறேன் என்றால் மற்றவர் காத்திருக்க வேண்டும். சண்டை வந்தால் ஒரு நாள் முழுக்க மூன்றாம் ஆளைக் கூப்பிடக் கூடாது, அம்மாவையும் சேர்த்துத்தான். மனைவிக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று சொல்லும் மாப்பிள்ளை அந்த வீட்டில் தன்னை விருந்தாளியாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இப்படிப் போகும்.

நெசவாளர் வீட்டுத் திருமணம் என்றால் இன்னொன்றும் சொல்வார். பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர் அவர். உடலும் கரையும் வேறு நிறமாக நெய்யும் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும், ஒரு பக்கக் கரைக்கு ஊடை நூல் ஓடும் நாடாவைப் போட இன்னொரு கை வேண்டும். அவருடைய அப்பா நெய்த புடவைகளுக்கெல்லாம் அந்த இன்னொரு கை அம்மாவுடையது. நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர் அப்பா மட்டும். நல்ல நெசவாளர் என்று மேடையில் சால்வை போட்டதும் அப்பாவுக்கு மட்டும். "எங்கம்மா அன்னிக்கி கீழ உக்காந்து கை தட்டுச்சு," என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டார்.

நான் பத்திரிகைக்காரன். இப்படிப் பேசுகிறவர்களின் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போனேன். அவர் கணவர் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்தவர். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரு முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டு, மோட்டாரை யார் நிறுத்தாமல் விட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததால் சண்டை நிற்கவில்லை. என்னைச் சாட்சிக்கு அழைக்கவும் இல்லை. கணவர் எழுந்து போய் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"சமமா இருந்தா சண்டை கொறையும்னு எவன் சொன்னான்?" என்றார் இவர் என்னிடம். "சண்டை இல்லாத வீட்டைத்தான் போய் பாக்கணும். யாரோ ஒருத்தர் வாய மூடிக்கினு இருக்காங்கன்னு அர்த்தம்."

வீட்டுக்குள் குற்றம் எதுவும் கிடைக்காமல் திரும்பினேன்.

அவர் பேச்சு முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. உறுதிமொழிக்கு முன்பு மணமக்கள் ஆளுக்கு ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை வீட்டில் வேறு யாரோ எனக்காகச் செய்தது, இனி நான் செய்யப் போவது, எத்தனை மணிக்கு என்பதோடு. மணி இல்லாமல் சொன்னால் ஏற்க மாட்டார். சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்க் கேட்பார்.

இந்த ஒரு வருடக் கணக்கு முதலில் இல்லை. திருப்பருத்திக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு திருமணம். மணப்பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இவர் விடவில்லை. வாய் திறந்து சொல்லும்மா, இந்தக் கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதமா என்று மைக்கை அவள் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். முந்நூறு பேர் முன்னால் அந்தப் பெண், நான் இன்னும் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பா மைக் ஒயரைப் பிடுங்கினார். பெண்ணின் அப்பா, கல்யாணம் நடத்த வந்தீங்களா கெடுக்க வந்தீங்களா என்று கேட்டார். இவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். மறு முகூர்த்தத்தில் அதே பெண்ணுக்கு அதே மாப்பிள்ளையோடு ஒரு கோயிலில் தாலி கட்டினார்கள். அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. மேடையில் பேசியவள் என்ற பெயர் அவளுக்கு அந்த வீட்டில் நிலைத்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதைச் செய்தியாக்கலாமா என்று கேட்கப் போயிருந்தேன். வேண்டாம் என்றார்.

"பேச வெச்சது நான். பேசின பிறகு அவகூட யார் இருந்தது? நான் ஆட்டோல ஏறி வூட்டுக்கு வந்து சோறு துன்னேன்."

அதிலிருந்துதான் நோட்டு, அதிலிருந்துதான் ஒரு வருடம்.

என் திருமணத்தன்று அவர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். பிறகு என் மனைவியிடம் கேட்டார். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். காலை ஷிப்ட். கம்பெனி பஸ் ஐந்து இருபதுக்கு. சம்பளத்துக்காக மட்டும் அவள் அங்கே போகவில்லை. கையில் வந்து விழும் ஒயர்க் கட்டுகளில் பிசகு எங்கே என்று மற்றவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரியும், அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். மேடையில் அவள் சொன்னது சின்னது: கரண்ட் பில், வரி, பேங்க் வேலையெல்லாம் அப்பா பார்த்தார், இனி மாதத்தில் முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு நான் பார்ப்பேன். அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்து நான். எனக்கு வார்த்தைதான் தொழில். நான் சொன்னேன்: காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, என் மனைவி ஐந்து இருபது பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் அவள் கையில் சாப்பாட்டைக் கொடுப்பேன், அவள் வேலைக்குப் போகும் காலம் முழுக்க ஒரு நாளும் தவறாமல்.

கைதட்டல் பலமாக இருந்தது. அவர் தட்டவில்லை.

"ராத்திரி எத்தினி மணிக்கு நீ வூட்டுக்கு வர?"

கடைசிப் பதிப்புக்குச் செய்தி கொடுத்துவிட்டு வரப் பன்னிரண்டு ஆகும் என்றேன்.

"அப்ப நாலு மணிக்கு எப்டிபா எழுந்திருப்ப? வாரத்துல ரெண்டு நாள்னு சொல்லு. முடிஞ்சதைச் சொல்லு. கொறச்சலா இருந்தா யாரும் உன்னைக் கேக்கப் போறதில்ல."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியும்மா, எழுதிக்கோங்க என்றேன். மறுபடி கைதட்டினார்கள். அவர் ஒரு முறை என் மனைவியைப் பார்த்துவிட்டு எழுதினார்.

பத்தொன்பது நாள் எழுந்தேன். இருபதாம் நாள் வாலாஜாபாத் சாலையில் லாரி விபத்து, வீடு வர மூன்றாகிவிட்டது. அன்று அம்மா சமைத்தார். மறுநாளும் அம்மா. ஒரு வாரம் கழித்து அம்மா, இந்த வயசுல எனக்கு நாலு மணிக்கு அடுப்பா என்று என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார். அடுத்த நாளிலிருந்து அவளே மூன்று மணிக்கு எழுந்தாள். தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டு போக முடியாது, வீட்டுக்கே காலை, மதியம் இரண்டும் செய்து மூடி வைத்துவிட்டுப் போவாள். நான் எழும்போது சூடு ஆறியிருக்காது. அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நாளைக்கு எழுந்துவிடலாம் என்று நான் தினமும் நினைத்தேன். அப்படி நினைப்பதையே எழுந்ததற்குச் சமமாக வைத்துக்கொண்டேன் என்பது இப்போது தெரிகிறது.

ஐந்தாம் மாதம் ஒரு நண்பர் வீட்டுத் திருமணம். அங்கும் அந்த அம்மாதான் தலைமை. நானும் மனைவியும் போயிருந்தோம். பேச்சு வழக்கம்போல் பால் வாங்குவதிலிருந்து தொடங்கியது. நடுவில் புதிதாக ஒன்று வந்தது.

"நடக்காததைச் சொல்றேன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்லயே ஒரு பேப்பர்காரத் தம்பி இருக்குது. பன்னெண்டு மணிக்கு வேலை முடிஞ்சி வருது. நாலு மணிக்கு எழுந்து பொண்டாட்டிக்குச் சாப்பாடு கட்டுது. நான்கூட முடியாதுன்னுதான் சொன்னேன்."

பேரைச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவர் தோளில் தட்டினார். நான் புன்னகை செய்தேன். நாலு வரிசை தள்ளிப் பெண்கள் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளை ஒருத்தி கையால் இடித்து, ஏய், உன் வூட்டுக்காரரா என்று கேட்டது உதட்டசைவில் தெரிந்தது. என் மனைவி கை தட்டினாள்.

பந்தியில் அவர் எதிரில்தான் உட்கார்ந்தேன். சொல்லியிருக்கலாம். பாயசம் இரண்டாம் முறை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மாற்றுப் புடவை கட்டிக்கொண்டாள். புடவையை மடித்துக்கொண்டே, "பாவம் அந்தம்மா" என்றாள். அவ்வளவுதான்.

எட்டாம் மாதம் கம்பெனியில் அவளை லைன் லீடராகப் போடுவதாகச் சொன்னார்கள். அதற்கு மூன்று மாதம் சுழற்சி ஷிப்ட் பார்க்க வேண்டும், இரவும் வரும். வீட்டில் சொன்னாள். அப்போது அவளுக்கு இரண்டு மாதம். அம்மா, இந்த நிலையில் ராத்திரி வேலையா என்றார். நான் உன் இஷ்டம் என்றேன். அவள் என் பக்கம் திரும்பி நின்றாள். உன் இஷ்டம் என்று சொன்னவன் அதற்காக எத்தனை மணிக்கு எதைச் செய்வான் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் ஃபோனில் வந்த செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். கடிதத்தை எழுதிக் கொடுத்தது நான். எழுத்து நன்றாக இருப்பதாக அவள் மேலதிகாரி சொன்னாராம்.

ஒரு வருடம் முடிந்த மறுநாள் அவர் வந்தார். புதன்கிழமை, காலை பத்தேகால். கதவைத் திறந்தது என் மனைவி. வேலை நாளில் அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருப்பதையும், அவள் வயிற்றையும் பார்த்தார். செருப்பைக் கழற்ற எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம். உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, என்னிடம் கேட்டார்.

நான் சொன்னேன். வேலை நேரம், லாரி விபத்து, அம்மாவின் முழங்கால், மருத்துவர் சொன்ன ஓய்வு. எல்லாம் உண்மை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துச் சரிபார்த்தாலும் பிழை கிடைக்காது. நடுவில் அவர் ஒன்றும் எழுதவில்லை.

"நீ சொல்லும்மா. வேலைய உட்டது உன் விருப்பமா?"

நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். என் மனைவி தலையாட்டவில்லை. தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கே வூட்ல இருக்கத்தான் புடிச்சிருக்குதும்மா."

அவர் பேனாவை எடுத்தார். வாய் திறந்து சொல்லியாகிவிட்டது. அவருடைய வழக்கப்படி அதை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதிக்கொண்டார். நோட்டை மூடிய பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஏழு கல்யாணத்துல உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன்பா."

அம்மா காபி கொண்டுவந்தார். வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். எங்கள் தெருமுனையில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு.

அதன் பிறகும் அவர் திருமணங்களில் பேசினார். இரண்டு மூன்றுக்குப் போனேன். பால் வாங்குவது இருந்தது, கேஸ் இருந்தது. உதாரணத்துக்கு எந்த ஊர் ஆளையும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு காரியம் சொல்லச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். பேச்சு பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. வீட்டுக்காரர்கள் அதை விரும்பினார்கள். இப்பல்லாம் அம்மா நல்லா சுருக்கமா பேசுறாங்க என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலி கேட்பதும் நின்றது. கடைசியாகப் பார்த்தபோது, தலைமை ஒரு கவுன்சிலர், இவருக்கு அழைப்பிதழில் வாழ்த்துரை என்று மட்டும் போட்டிருந்தார்கள். கவுன்சிலர் வரத் தாமதமானதால் இவரை நேரம் ஓட்டப் பேசச் சொன்னார்கள். கவுன்சிலரின் கார் வந்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் மகனுக்கு நாலு வயதானபோது, அவரும் கணவரும் ஊரை விட்டுப் போவதாகச் செய்தி வந்தது. கணவரின் தங்கை தனியாக இருந்த ஆரணி வீட்டுக்கு. வழியனுப்ப நாங்கள் பஸ் நிலையம் போனோம். அங்கேயும் இருவரும், தையல் மெஷினை வண்டியில் அனுப்பியிருக்கலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து நாலு அடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

"அன்னிக்கி இவங்களை வெளிய அனுப்பிட்டு உன்னைக் கேட்டிருக்கணும்மா. ஆபீஸ்ல யார் வந்தாலும் அப்டித்தான் செய்வேன். உன் வூட்டுக்காரரு தெரிஞ்சவராச்சேன்னு உட்டுட்டேன். தப்பு என்னுது."

என் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பேருந்துகளின் சத்தம். அவள் பேசியது கொஞ்ச நேரம் நீடித்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரணி பஸ் வந்ததும் கணவர் இரண்டு பைகளையும், அவர் ஒரு மூட்டையையும் குடையையும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதற்குப் பின் அவரை நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, கங்கைகொண்டான் மண்டபம் தாண்டியதும் சொன்னாள்:

"நான் மறுபடி கம்பெனிக்குப் போறேன்."

"போ," என்றேன்.

"நான் உங்ககிட்ட கேக்கலைங்க. சொன்னேன்."

அடுத்த நாள் காலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அவள் இன்னும் வேலையில் சேரவில்லை என்றாலும் எழுந்தேன். அந்த வாரம் முழுவதும் எழுந்தேன். ஆசிரியரிடம் பேசி இரவுச் செய்தியை இன்னொருவருக்கு மாற்றிக்கொண்டேன். ஐந்து வருடத்துக்கு முன்பே அதைச் செய்திருக்க முடியும் என்பது, ஆசிரியர் ஒரே நிமிடத்தில் சரி என்றபோது தெரிந்தது. மகனைப் பள்ளியில் கொண்டு விடுவது நான், அழைத்து வருவது நான், காய்ச்சல் வந்தால் முதல் விடுப்பு என்னுடையது என்று பேசி முடித்தோம். அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் பழைய சான்றிதழ்களை எடுத்து ஒரு உறையில் போட்டாள். கூட வேலை செய்த பெண்களுக்கு ஃபோன் செய்தாள். திங்கட்கிழமை ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை அவளைக் கம்பெனி வாசலுக்கு நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். ஏழே முக்கால். காவலாளி உறையை வாங்கி முதல் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கையால் காட்டினார்.

பெண்கள், புதிதாகச் சேர வயது பதினெட்டு முதல் இருபத்தாறு வரை என்று அதில் இருந்தது. என் மனைவிக்கு அப்போது இருபத்தொன்பது.